தெரிந்தவர்களே எதிரில் உட்காரும் இன்டர்வியூ

"ஓசூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் 9 வருஷமாக இருக்கிறேன். மெஷின் ஷாப்பில் ஷிப்ட் இன்சார்ஜ். செக்‌ஷன் மேனேஜர் பதவிக்கு உள்ளேயே ஆள் எடுக்கிறார்கள், 3 வாரத்தில் இன்டர்வியூ. பேனலில் என் டிபார்ட்மென்ட் ஹெட், குவாலிட்டி ஹெட், எச்.ஆர்., பிளான்ட் ஹெட். நாலு பேருக்கும் என்னை நன்றாகத் தெரியும். வேலை தெரிந்தவன் என்றும் தெரியும். குவாலிட்டிகாரர்களோடு சண்டை போடுவேன், எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வேன் என்றும் தெரியும். இதற்கு எப்படித் தயாராவது?"

நான் 26 வருஷம் மெஷின் ஷாப்பிலும் அசெம்பிளியிலும் இருந்தவன். கடைசி 11 வருஷம் இந்த மாதிரிப் பேனல்களில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை எதிர் நாற்காலியிலும் உட்கார்ந்தேன், அதில் ஒரு தடவை தோற்றேன். நான் சொல்வதெல்லாம் தனியார் தொழிற்சாலை அனுபவம். சீனியாரிட்டிக்கு இவ்வளவு, எழுத்துத் தேர்வுக்கு இவ்வளவு, வருடாந்தர அறிக்கைக்கு இவ்வளவு என்று மதிப்பெண் பிரித்து வைத்திருக்கும் வங்கி, அரசுத் துறைகளில் கணக்கே வேறு. அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் பாதியைக் கழித்துவிட்டுப் படிக்கலாம்.

வெளியிலிருந்து வருகிறவரைப் பார்க்கும்போது பேனலுக்கு இருக்கிற ஒரே கவலை, இவர் சொல்வது நிஜமா என்பதுதான். உங்கள் விஷயத்தில் அந்தக் கவலை கிடையாது. ராத்திரி 2 மணிக்கு ஸ்பிண்டில் சத்தம் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் அறைக்குள் எடுத்துவரும் கவலை வேறு: இந்தச் சண்டையும் இந்த இழுத்துப் போட்டுக்கொள்வதும் ஒரு ஷிப்டுக்குள் இருக்கும்வரை சமாளித்துவிட்டோம், மூன்று ஷிப்டுக்கும் இவரே தலைவரானால் அது மூன்று மடங்காகுமா? நீங்கள் தயாராக வேண்டியது இந்த ஒரு கேள்விக்கு. அது வாயால் கேட்கப்படாமலே போகலாம். ஆனாலும் மற்ற கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியேதான் வரும்.

இந்தப் பயம் வெறும் பயம் இல்லை. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பிரிவு ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. நன்றாக விற்றவர்களுக்குத்தான் பதவி உயர்வு அதிகம் கிடைத்தது. ஆனால் அப்படி உயர்ந்தவர்களில், முன்பு அதிகமாக விற்றவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை, சராசரியாகப் பார்த்தால், குறைந்தது. விற்பனைக்கும் மெஷின் ஷாப்புக்கும் தூரம் உண்டு, அதனால் அதை அப்படியே நமக்குப் பொருத்த மாட்டேன். ஆனாலும் பேனலில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், "நல்ல இன்சார்ஜை இழந்துவிட்டு மோசமான மேனேஜரை வாங்கிவிடுவோமோ" என்ற பேச்சு ஒவ்வொரு தடவையும் வரும். அதற்குப் பதிலாக நீங்கள் உங்கள் சாதனைப் பட்டியலை நீட்டினால் பயம் கூடுமே தவிரக் குறையாது. நீங்கள் எவ்வளவு நல்ல இன்சார்ஜ் என்பதைத்தானே திரும்ப நிரூபிக்கிறீர்கள்!

நான் இருந்த இடம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மணி என்று வைத்துக்கொள்வோம். வேலையில் புலி. உங்களைப் போலவே ஷிப்ட் இன்சார்ஜ், உங்களைப் போலவே எல்லாவற்றிலும் தானே கை வைப்பவர். ஆஃப்செட் மாற்றுவதற்குக்கூட ஆபரேட்டர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். முதல் தடவை இன்டர்வியூவுக்கு வந்தார். ஐந்து நிமிஷத்தில் அவர் போன் அடித்தது, லைனிலிருந்து. "ஒரு நிமிஷம் சார்" என்று எடுத்து, "இன்சர்ட்டைத் திருப்பிப் போடு, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்தார். பிளான்ட் ஹெட் சிரித்தார். மணி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வெளியே போனதும் பிளான்ட் ஹெட் சொன்னது: "இவர் இங்கே அரை மணி நேரம் உட்காரவே லைன் விடமாட்டேன் என்கிறது. ஒரு வாரம் கஸ்டமர் இடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்?" அத்தோடு முடிந்தது. மற்றக் கேள்விகளுக்கு நன்றாகத்தான் பதில் சொன்னார். 14 மாசம் கழித்து மறுபடி வந்து வாங்கினார். இடையில் என்ன செய்தார் என்பது கீழே வருகிறது.

முதல் வேலை, பேனல் மனதில் உங்களைப் பற்றி இருக்கிற கோப்பை நீங்களே எழுதிப் பார்ப்பது. எச்.ஆரில் கேட்டு, கடைசி 3 வருஷ அப்ரைசல் படிவங்களை வாங்குங்கள். மார்க்கைப் பார்க்காதீர்கள், 'குறிப்புகள்' கட்டத்தில் மேலதிகாரி கையால் எழுதிய இரண்டு வரிகளைப் பாருங்கள். மூன்று வருஷமும் திரும்பத் திரும்ப வருகிற சொல் எதுவோ அதுதான் உங்கள் பெயர். (அரசு ஊழியர் என்றால் இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. வருடாந்தர அறிக்கையின் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தனியாரில் அது கம்பெனி வழக்கத்தைப் பொறுத்தது.)

அப்புறம், நாலு பேருக்கும் தனித்தனியாக ஒரு தாள். ஒவ்வொருவருக்கும் உங்களைப் பற்றி ஞாபகம் இருக்கக்கூடிய இரண்டு சம்பவங்களை எழுதுங்கள், ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. மனிதர்கள் சக ஊழியரைச் சராசரி எடுத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, இரண்டு மூன்று சம்பவங்களாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள், அதிலும் சமீபத்தியதாக. உங்கள் டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கு நீங்கள் மார்ச் மாத டிஸ்பாட்சைக் காப்பாற்றியவர். குவாலிட்டி ஹெட்டுக்கு, அவருடைய இன்ஸ்பெக்டரை ஷாப் ஃப்ளோரில் பத்து பேர் முன்னால் கத்தியவர். எச்.ஆருக்கு நீங்கள் யார் என்றே பெரிதாகத் தெரிந்திருக்காது, ஒரு ஓவர்டைம் தகராறைத் தவிர. நாலு பேருக்கும் ஒரே ஆளைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போவது பெரிய தப்பு.

இனி அந்தச் சண்டை. 'கோபக்காரன்' என்ற பெயர் ஒரு குணத்தைச் சொல்கிறது, குணத்தை 3 வாரத்தில் மாற்ற முடியாது. நாளையிலிருந்து குவாலிட்டிகாரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் ஷாப்பே சிரிக்கும். நான் சொல்வது வேறு. கடைசி 6 மாசத்தில் நடந்த மோதல்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: தேதி, பாகம், எதற்காக லாட்டை நிறுத்தினார்கள், எப்படி முடிந்தது. மணி அப்படி எழுதியபோது 11 வந்தது. அதில் 6, கண்ணால் பார்த்து முடிவு செய்கிற குறைகள்: டூல் மார்க், சின்ன அடி, விளிம்பில் பர். டிராயிங்கில் அதற்கு எண் கிடையாது. பகல் ஷிப்ட் இன்ஸ்பெக்டர் விட்டதை ராத்திரி இன்ஸ்பெக்டர் நிறுத்துவார். இன்னும் 3, அளவுக் கருவி தகராறு. லைனில் இருக்கும் போர் கேஜ் ஓகே காட்டும், குவாலிட்டி அறைக் கருவி 5 மைக்ரான் கூடுதல் காட்டும். மீதி 2தான் அசல் சண்டை, அதாவது மணியின் வாய்.

இந்தப் பிரிப்பு எவ்வளவு உதவும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். 11இல் 9க்குக் காரணம் குணமே இல்லை, இரண்டு துறைக்கும் பொதுவான அளவுகோல் இல்லாததுதான். அதற்கு மருந்தும் பழையதே: லிமிட் சாம்பிள். இதுவரை போகலாம், இதற்கு மேல் போகக் கூடாது என்று ஒவ்வொரு குறைக்கும் நிஜமான பீஸ் ஒன்றை எடுத்து, புரொடக்‌ஷனும் குவாலிட்டியும் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, லைனில் பலகையில் மாட்டுவது. கஸ்டமர் ஒப்புதல் தேவைப்படும் பாகம் என்றால் அதையும் வாங்க வேண்டும், அது நாள் பிடிக்கும். கருவி தகராறுக்கு, இரண்டு கருவியையும் ஒரே மாஸ்டரில் வைத்துப் பார்த்து, அதிலும் தீரவில்லை என்றால் அளவீட்டு ஆய்வு ஒன்றைக் குவாலிட்டியை வைத்தே செய்யச் சொல்வது. உங்கள் லைனில் அதிகத் தொல்லை தரும் ஒரே ஒரு பாகத்துக்கு லிமிட் சாம்பிள் போர்டு போட 3 வாரம் போதும். குவாலிட்டி ஹெட்டிடம் நீங்களே போய்க் கேளுங்கள். பதவிக்காக வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியத்தான் செய்யும், தெரிந்துவிட்டுப் போகட்டும். போர்டு லைனில் மாட்டியிருப்பது உண்மைதானே.

அறையில் இதைச் சொல்லும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். 9ஐ மட்டும் சொல்லி 2ஐ மறைத்தால், பழியைக் கருவி மேல் போடுகிறான் என்பார்கள். மணி இரண்டாம் தடவை சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "சார், ஆறு மாசத்துல 11 தகராறு. ஒன்பது, லிமிட் சாம்பிள் இல்லாததால வந்தது. ரெண்டு என் தப்பு, அதுல ஒண்ணு ஜெனரல் ஷிப்ட் முடிவுல எல்லார் முன்னாடியும் பேசினது. அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட அப்புறம் பேசிட்டேன். இப்ப நாலு மாசமா லாட் நிறுத்தினா நான் பேசறதுக்கு முன்னாடி பீஸைப் போர்டு பக்கத்துல வைக்கணும்னு எனக்கே ஒரு ரூல்." குவாலிட்டி ஹெட் குறுக்கே பேசவில்லை. பேசியிருக்கலாம், ஏதாவது பொய் இருந்திருந்தால். தெரிந்தவர்கள் எதிரில் இருப்பதன் லாபம் இதுதான். நீங்கள் சொல்வதை அங்கேயே சரிபார்க்க ஆள் இருக்கிறது, அவர் சும்மா இருந்தாலே அது சாட்சி. உங்களுக்கு நாலு மாசம் இல்லை, 2 வாரம்தான் இருக்கும். 2 வாரம் என்றே சொல்லுங்கள். "ரொம்ப நாளாகச் செய்கிறேன்" என்று இழுத்தால் அதே ஆள் எதிர்ச் சாட்சி ஆகிவிடுவார்.

இரண்டாவது குறை, நானே செய்வேன் என்பது. இன்டர்வியூ வகுப்புகளில் 'என் பலவீனம் அளவுக்கு மீறி உழைப்பது' என்று சொல்லிக்கொடுப்பார்களே, உங்கள் குறை அதைப் போலவே காதில் விழும் என்பது கூடுதல் ஆபத்து. தெரியாதவர் சொன்னால் நடிப்பு என்று விட்டுவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் நிஜம் என்று தெரியும், ஆனால் நீங்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள் என்று தோன்றிவிட்டால் மீள முடியாது. இதற்கு நான் பார்த்த மிக நல்ல ஆதாரம், நீங்கள் இல்லாத நாட்கள். ஷிப்ட் லாக் புத்தகத்தை எடுத்து, கடந்த ஒரு வருஷத்தில் நீங்கள் லீவ் போட்ட நாட்களைக் குறியுங்கள். அந்த நாட்களில் அதே பாகம் எத்தனை பீஸ் வந்தது, நீங்கள் இருந்த நாட்களில் எத்தனை வந்தது? மணியின் ஷிப்டில் முதல் இன்டர்வியூ சமயத்தில் அந்த வித்தியாசம் நூற்றுக்கு 14. அதாவது அவர் வீட்டில் இருந்தால் லைனில் ஏழில் ஒரு பங்கு காணாமல் போனது! அவர் அந்த எண்ணை அதுவரை பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்றும் அவரே பின்னால் சொன்னார்.

அந்த 14 மாசத்தில் அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லைனில் தொங்கும் ஸ்கில் மேட்ரிக்ஸ் அட்டவணையில், 18 ஆபரேட்டர்களில் தனியாக செட்டிங் போடத் தெரிந்தவர்கள் 3 பேர். மாசத்துக்கு ஒருவர் என்று எடுத்து, தன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு என்பது நிஜமாகவே. பேனாவைக்கூட எடுக்க மாட்டேன் என்று சொல்லி வைத்திருந்தாராம். முதல் மூன்று மாசம் உற்பத்தி கொஞ்சம் அடி வாங்கியது. அதற்காக டிபார்ட்மென்ட் ஹெட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். கடைசியில் செட்டிங் தெரிந்தவர்கள் 10 பேர் ஆனார்கள், லீவ் நாள் வித்தியாசம் 4க்கு வந்தது. இன்டர்வியூவில் இந்த இரண்டு எண்களைத்தான் சொன்னார். உங்களுக்கு 3 வாரம்தான் என்பதால் எண்ணை மாற்ற முடியாது. ஆனால் எண்ணை எடுத்துப் பார்க்க முடியும், மோசமாக இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு போக முடியும்: "நான் லீவ் போட்டால் இவ்வளவு குறைகிறது, காரணம் இந்த இரண்டு செட்டிங் எனக்கு மட்டும் தெரியும், முதல் 6 மாசத்தில் யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பேன் என்பது இது." பேனலில் இருந்தபோது இப்படிச் சொன்னவருக்கு நான் மார்க் குறைத்ததில்லை. உங்கள் ஷிப்டை யார் எடுத்துக்கொள்வார் என்ற கேள்வியும் கட்டாயம் வரும். "யாரை வேணும்னாலும் போடலாம் சார்" என்பது பதில் இல்லை. பெயர் சொல்லுங்கள், அவருக்கு இன்னும் என்ன தெரியாது என்பதையும் சேர்த்து.

மூன்றாவது, நாற்காலியை மாற்றி யோசிப்பது. இன்சார்ஜின் கணக்கு 8 மணி நேரம், செக்‌ஷன் மேனேஜரின் கணக்கு அடுத்த வருஷம். உள் ஆளாக இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு, வெளி ஆளுக்குக் கிடைக்காத எண்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அதை வைத்து ஒரே ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக்கொண்டு போங்கள். எப்படி என்று ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். உங்கள் லைனில் இழுத்தடிக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கும். அதன் சைக்கிள் டைம் 2 நிமிஷம், மெஷின் 2, மூன்று ஷிப்டிலும் சேர்த்து ஓடக்கூடிய நேரம் 22.5 மணி, அதாவது 1,350 நிமிஷம் என்று வைப்போம். ஒரு மெஷின் 675 பீஸ், இரண்டும் 1,350. நிஜத்தில் வருவது 1,010 பக்கம், அதாவது நூற்றுக்கு 75. கஸ்டமர் அடுத்த வருஷம் நாளைக்கு 1,150 கேட்கிறார். அதற்கு 85 வேண்டும். பிளான்ட் ஹெட் கேட்பார்: "மூணாவது மெஷின் வாங்கணுமா?"

ஆம், இல்லை என்று உடனே சொல்லாதீர்கள். ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு 2 செட்டிங் மாற்றம், ஒவ்வொன்றும் 70 நிமிஷம். அதைப் பிரித்தால் 45 நிமிஷம் கை வேலை, 25 நிமிஷம் முதல் பீஸைக் குவாலிட்டி பார்த்து ஓகே சொல்லக் காத்திருப்பது. பிக்ஸ்சரையும் டூலையும் மெஷின் ஓடும்போதே வெளியில் தயார் செய்துவைத்தால் 45ஐ 25 ஆக்கலாம். மெஷினுக்கு 40 நிமிஷம் மிச்சம், இரண்டு மெஷினுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 40 பீஸ். காத்திருப்பை 25இலிருந்து 10க்குக் கொண்டுவந்தால் இன்னும் 30 பீஸ். ஆக 1,080. மீதி 70 பீஸ் பிரேக்டவுனில் போகிறது, அது மெயின்டனன்ஸோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியது, இன்றைக்கு என்னிடம் விடை இல்லை. இப்படிச் சொல்லலாம்.

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் 30 பீஸ் எங்கே இருக்கிறது? முதல் பீஸை 10 நிமிஷத்தில் பார்க்க குவாலிட்டி சம்மதிப்பதில் இருக்கிறது. நீங்கள் அவர்களோடு சண்டை போடுபவர் என்பது இப்போது வெறும் குணக் குறிப்பு இல்லை, நாளைக்கு 30 பீஸ் விலையுள்ள விஷயம். அதை நீங்களே கண்டுபிடித்து அறையில் வைத்தால், நாலு பேர் மனதில் இருக்கிற அந்தக் கேட்காத கேள்விக்கு யாரும் கேட்காமலே பதில் சொன்னவர் ஆகிறீர்கள். என் எண்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், உங்கள் லைனின் எண்களைப் போடுங்கள். ஒரு சைக்கிள் டைமைத் தப்பாகச் சொன்னால் டிபார்ட்மென்ட் ஹெட் அங்கேயே திருத்துவார், அதற்கப்புறம் கணக்கு முழுவதும் சரிந்துவிடும்.

உள் ஆட்கள் செய்கிற இன்னொரு தப்பு. "அதான் உங்களுக்கே தெரியுமே சார்" என்று பாதியில் நிறுத்துவது. இப்போது பல கம்பெனிகளில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள், மதிப்பெண் தாள், தாளில் காரணம் எழுத ஒரு கட்டம் என்று வந்துவிட்டது. வேலைத் திறனை முன்கூட்டிக் கணிக்கும் முறைகளை ஒப்பிட்டு 2022இல் வந்த பெரிய மறு ஆய்விலும் இப்படி வரையறுத்த நேர்காணல்தான் முன்வரிசையில் இருக்கிறது. அந்தத் தாளில் நான் எழுத முடிவது, அறையில் காதால் கேட்டதைத்தான். மார்ச் டிஸ்பாட்சை நீங்கள் காப்பாற்றியது எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லவில்லை என்றால் கட்டம் காலி. எச்.ஆருக்கோ அது நடந்ததே தெரியாது. அதனால் தெரிந்த கதையையும் தெரியாதவரிடம் சொல்வது போல, என்ன நிலைமை, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், என்ன எண் வந்தது என்று முழுசாக, ஆனால் 2 நிமிஷத்துக்குள் சொல்லுங்கள். "உங்களுக்குத் தெரிந்ததுதான், முழுசாகவே சொல்லிவிடுகிறேன் சார்" என்று தொடங்கினால் கூச்சம் போய்விடும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வதில் உண்டு. குறையை நீங்களே முதலில் எடுப்பதா, கேட்கும்வரை காத்திருப்பதா? நான் பார்த்தவர்களில் இரண்டு விதமும் பலித்திருக்கிறது, இரண்டும் கவிழ்ந்தும் இருக்கிறது. நாலு பேருக்கும் தெரிந்த குறை என்றால் முன்கூட்டி எடுப்பது நல்லது என்பது என் சாய்வு. ஒருவருக்கு மட்டும் தெரிந்த குறையை நாலு பேருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. பேனல்காரர்களை முன்னால் போய்ப் பார்ப்பதும் அப்படித்தான், சில கம்பெனிகளில் அது மரியாதை, சிலவற்றில் சிபாரிசு. உங்கள் இடத்தில் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். பார்த்தால் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: "செக்‌ஷன் மேனேஜராக என்னை யோசிக்கும்போது உங்களுக்கு எது உறுத்துகிறது சார்?" பதிலுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிக்காமல் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். இது ரொம்பக் கஷ்டம்.

ஆளை முன்னாலேயே முடிவு செய்துவிட்டு ஒப்புக்கு இன்டர்வியூ வைப்பதும் நடக்கிறது, நானே அப்படி ஒரு பேனலில் வெட்கத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். வெளியிலிருந்து அதை நிச்சயமாகக் கண்டுபிடிக்க வழி இல்லை. அறிவிப்பில் கேட்ட தகுதி ஒரே ஒருவருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தால் சந்தேகப்படலாம். அப்போதும் போகச் சொல்வேன். பிளான்ட் ஹெட்டிடம் அரை மணி நேரம் அடுத்த வருஷக் கணக்கைப் பேச இன்சார்ஜுக்கு வேறு எப்போது வாய்ப்புக் கிடைக்கிறது? கிடைக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் போய், தாளில் எந்தக் கட்டத்தில் குறைந்தது என்று மட்டும் கேளுங்கள். "ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் பதில் மழுப்பலாகத்தான் வரும். மணிக்கு முதல் தடவை நான்தான் சொன்னேன், போன் விஷயத்தையும் சேர்த்து. முகம் கறுத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து ஷிப்ட் லாக் புத்தகத்தைக் கேட்டு வந்தார்.

கடைசியாக, சின்ன விஷயம். ஷிப்ட் அட்டவணையை இப்போதே பாருங்கள். இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி உங்களுக்கு நைட் ஷிப்ட் விழுந்தால் மாற்றிக் கேளுங்கள். தூங்காமல் நேராக லைனிலிருந்து வந்து, ஆயில் கறையோடு உட்கார்ந்து, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஷிப்டை யாரிடம் கொடுக்கிறீர்களோ, அவரைத்தான் அறையில் உங்கள் வாரிசாகச் சொல்லப்போகிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. உங்கள் போனையும் அவரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள். மணி இரண்டாம் தடவை அப்படித்தான் வந்தார்.